ஐயாவுக்கும் அப்பத்தாவுக்கும் மெல்போர்னிலிருந்து பொங்கல் காணொளி

(பின்னணி இசை வேண்டவே வேண்டாம். ஐயாவுக்குக் காது மந்தம். பேச்சு மட்டும் நிதானமாகக் கேட்க வேண்டும்.)

காட்சி 1: வாசல். பேத்தி கோலத்தின் கடைசி இழையை இழுக்கிறாள்.
பேத்தி குரல்: அப்பத்தா, நீங்கள் சொல்லித்தந்த சிக்குக்கோலம்தான். ஒரு மூலை கோணிவிட்டது, பெரிதாக்கிப் பார்க்காதீர்கள்!

காட்சி 2: அடுப்பில் வெண்கலப் பானை. பால் பொங்கி வழியும்வரை வெட்டாமல் எடுக்கவும்.
பேரன் குரல்: ஐயா, இங்கே ஜனவரியில் கோடைக்காலம். உங்களுக்குக் காலை 6 மணி என்றால் எங்களுக்குப் பகல் 11.30. புகை மணி அலறிவிடும் என்று அம்மா சன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார்கள். அதனால் நாங்கள் கத்தியது தெரு முழுவதும் கேட்டது. பொங்கலோ பொங்கல்!

காட்சி 3: கதவு நிலையில் பென்சில் கோடு, அருகே பேரன்.
பேரன் குரல்: ஊர் வீட்டுத் தூணில் கோடு போட்டு அளந்தீர்களே, அதைவிட நான்கு விரற்கடை வளர்ந்துவிட்டேன்.

காட்சி 4: இருவரும் கேமராவைப் பார்த்து.
பேத்தி: சிவப்பி கன்று போட்டதாமே! காளையா, கிடாரியா? நாளை கொம்புக்கு என்ன வர்ணம்? சித்தப்பாவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.
பேரன்: அப்பத்தா, முறுக்கு தீர்ந்துவிட்டது. அக்காதான் தின்றாள்.