உள்தணிக்கைக் குழுவுக்குச் செல்லும் மாலதிக்கு, கணக்குப் பிரிவிலிருந்து

அன்புள்ள மாலதி,

வரும் திங்கட்கிழமை முதல் நீங்கள் உள்தணிக்கைக் குழுவில் பொறுப்பேற்கிறீர்கள். நிறுவனமும் கட்டடமும் அதேதான், இரண்டு மாடிகள் மட்டுமே இடையில் இருக்கின்றன. ஆனாலும் மாத இறுதியில் கணக்கு நேராகாத ஒவ்வொரு முறையும் உங்கள் மேசைப் பக்கம் திரும்பிப் பழகிவிட்ட எங்களுக்கு இது பிரிவாகவே இருக்கிறது. அதனால்தான், உள்மாறுதல்தானே என்று கைகுலுக்கி அனுப்பிவிட மனமில்லாமல், சொல்ல வேண்டியதை எழுதியே சொல்ல விரும்பினோம்.

நீங்கள் வேலை செய்த விதத்தைச் சொல்ல ஒரு மாலை நேரம் போதும். வங்கிச் சரிகட்டும் பட்டியலில் 3,600 வித்தியாசம் வந்து, ஒவ்வொரு வவுச்சராகப் புரட்டிக் களைத்துப் போயிருந்தோம். நீங்கள் அந்தத் தொகையை ஒன்பதால் வகுத்துப் பார்த்தீர்கள். மீதியில்லாமல் வகுபட்டதும், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும் என்று சொல்லி, அப்படிப்பட்ட தொகைகளை மட்டும் தேடச் சொன்னீர்கள். 58,400 என்றிருக்க வேண்டிய இடத்தில் 54,800 என்று பதிவாகியிருந்தது. கண்டுபிடித்ததைவிட, அதற்குப் பிறகு நீங்கள் நடந்துகொண்ட விதம்தான் எங்கள் மனத்தில் நிற்கிறது. பதிவு செய்தவர் யார் என்று நீங்கள் கேட்கவே இல்லை. அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்த அந்த இளைஞரை அருகில் அழைத்து, இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் ஏன் எப்போதும் ஒன்பதின் மடங்காகவே வருகிறது என்பதைத் தாளில் போட்டுக் காட்டினீர்கள். இன்று அவர் மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறார்.

கொள்முதல் ஆணை, சரக்கு வந்து சேர்ந்ததற்கான ரசீது, சப்ளையரின் பில் ஆகிய மூன்றும் ஒத்துப்போகாமல் பணம் விடுவிக்கக்கூடாது என்பதில் நீங்கள் யாருக்காகவும் தளர்ந்து கொடுத்ததில்லை. அதே சமயம், அந்த விதியைக் காரணம் காட்டி எந்தச் சிறு சப்ளையரையும் நீங்கள் அலைக்கழித்ததும் இல்லை. பணம் எப்போது வரும் என்று தயங்கித் தயங்கித் தொலைபேசியில் கேட்பவர்களிடம், எந்த ஆவணம் குறைகிறது, அது யாரிடம் நிற்கிறது, வந்த பிறகு எத்தனை நாளில் பணம் போய்ச் சேரும் என்று தெளிவாகச் சொல்வீர்கள். சொன்ன நாளில் நீங்களே மறுபடி அழைக்கவும் செய்வீர்கள். கண்டிப்பும் கனிவும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அரிது என்பதை நாங்கள் உணர்ந்தே இதைச் சொல்கிறோம்.

பொறுப்பு ஒப்படைப்புக்காக நீங்கள் எழுதி வைத்திருக்கும் கோப்பைப் படித்தோம். எதை எந்தத் தேதியில் செய்ய வேண்டும் என்பதோடு நிறுத்தாமல், அந்த வழக்கம் ஏன் ஏற்பட்டது, எந்தப் பேரேட்டில் எந்த நிலுவை எதனால் தங்கியிருக்கிறது என்பதையெல்லாம் பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள். இதற்கு எத்தனை மாலைகள் போயிருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். உங்கள் இடத்துக்கு வருபவர் முதல் நாளிலேயே தடுமாறாமல் வேலையைத் தொடங்க முடியும் என்றால், அது முழுக்க உங்கள் உழைப்பு.

ஒருவர் தாம் பொறுப்பு வகித்த வேலையைக் குறைந்தது பன்னிரண்டு மாதங்களுக்குத் தாமே தணிக்கை செய்யக்கூடாது என்பது உள்தணிக்கை நெறி என்பதால், எங்கள் கோப்புகள் உடனே உங்கள் மேசைக்கு வரப்போவதில்லை. அந்தக் காலம் முடிந்து நீங்கள் வரும்போது, உங்களிடம் கற்ற ஒழுங்கோடு அவை இருக்கும் என்று உறுதி கூறுகிறோம். தவறுகள் எந்த இடத்தில், எவ்வளவு நெருக்கடியில் நேர்கின்றன என்பதை உள்ளிருந்து பார்த்த ஒருவர் தணிக்கைக்குப் போவது நிறுவனத்துக்கே நல்லது என்று நாங்கள் உண்மையாகவே நம்புகிறோம். அங்கே நீங்கள் கேட்கப்போகும் கேள்விகள் சிலருக்குச் சங்கடம் தரலாம். எங்களிடம் கேட்ட அதே குரலில் கேளுங்கள், பதில் கிடைக்கும்.

மாதக் கணக்கு முடிந்த மறுநாள் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் வழக்கத்தில் உங்களுக்கான நாற்காலி அப்படியே இருக்கும். வேலையைப் பற்றிப் பேசத்தான் வர வேண்டும் என்றில்லை.

இத்தனை ஆண்டுகள் எங்களோடு நின்றதற்கு மனமார்ந்த நன்றி. புதிய பொறுப்பில் உங்களுக்கு நல்ல தோழமையும், நிறைவான வேலையும், அதற்குரிய உயர்வும் அமைய வாழ்த்துகிறோம்.

என்றும் அன்புடன்,
கணக்குப் பிரிவு நண்பர்கள்