குரல் நடிகர்கள் தேவை: ‘ஒன்பதாவது வளைவு’ அனிமேஷன் நகைச்சுவைத் தொடர்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்பதாவது வளைவில் காட்டு விலங்குகள் நடத்தும் தேநீர்க் கடைதான் எங்கள் கதைக்களம். 11 நிமிட எபிசோடுகள், மொத்தம் 8.

இது டப்பிங் வேலை அல்ல. படம் இன்னும் வரையப்படவில்லை. உங்கள் பேச்சைக் கேட்ட பிறகுதான் வாயசைவும் முகபாவமும் வரையப்படும். எனவே எங்கே இழுப்பது, எங்கே மூச்சு வாங்குவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. மூக்கால் பேசும் கார்ட்டூன் குரல் வேண்டாம். உங்கள் ஊர்ப் பேச்சோடு வாருங்கள்.

பேச்சி (பெண், 35–50): இருவாச்சிப் பறவை, கடையின் முதலாளி. முட்டையிடுவதற்காக மரப்பொந்தை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறாள். வெளியே தெரிவது அலகின் நுனி மட்டுமே. முகமே காட்டாமல் எட்டு எபிசோடுகளிலும் கடையை அதட்டி நடத்த வேண்டும். அதட்டலுக்குள் பசியும் தனிமையும் கேட்க வேண்டும். தொடரே இந்தக் குரலை நம்பித்தான் இருக்கிறது. மேடை நாடக அனுபவம் உள்ளவர்களை ஆவலோடு எதிர்பார்க்கிறோம்.

மாடசாமி (ஆண், 35–50): பேச்சியின் கணவன். அத்திப்பழம் சுமந்து வந்து, தாமதத்துக்குக் காரணம் சொல்பவன். காரணங்களை அவனே மனதார நம்புகிறான்.

ராசு (ஆண், 60க்கு மேல்): கல்லாவில் உட்காரும் வரையாடு. செங்குத்துப் பாறையில் துள்ளுவான், கடன் கேட்டால் நடுங்குவான்.

அல்லி (பெண், எந்த வயதும்): காட்டெருது. மலை போன்ற உடம்பு, மிக மென்மையான குரல்.

சிங்கவால் குரங்குகள் மூன்று (9–13 வயதுச் சிறுவர், சிறுமியர்): ஒருவர் பேச்சை மற்றவர் முடிப்பார்கள். பதிவு விடுமுறை நாட்களில் மட்டும். பெற்றோர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

தேர்வுக்குப் பெண்கள் பேச்சியின் வசனத்தையும் ஆண்கள் மாடசாமியின் வசனத்தையும் பேசி அனுப்புங்கள். சிறுவர்கள் பள்ளியில் நடந்த ஒரு சண்டையை ஒரு நிமிடம் சொன்னால் போதும். வசனம் எழுத்துத் தமிழில் இருக்கிறது. உங்கள் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பேச்சி: “பழம் எங்கே? அதை முதலில் சொல். வழியில் யாரைப் பார்த்தாய் என்பதைச் சாப்பிட்டுவிட்டுக் கேட்கிறேன்.”

மாடசாமி: “மரத்தில் பழம் இருந்தது, பேச்சி. பறிக்கும்போது மூடுபனி வந்தது. பனி விலகியபோது மரத்தில் குரங்குகள் இருந்தன.”

இரண்டு முறை, இரண்டு விதமாகப் பேசுங்கள். கைபேசிப் பதிவே போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பின்னணி இசையில்லாமல் பதிவுசெய்யுங்கள். பெயர், வயது, ஊர் மூன்றையும் தொடக்கத்தில் சொல்லி, இந்த அறிவிப்பு வந்த வாட்ஸ்அப் எண்ணுக்கே ஜூலை 20க்குள் அனுப்புங்கள். அனுபவம் கட்டாயமில்லை. தேர்வுக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

பதிவு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சென்னை கோடம்பாக்கத்தில் நடக்கும். ஒரே காட்சியில் வருபவர்களை ஒரே அறையில் நிறுத்திப் பதிவுசெய்வோம். எதிரே ஆள் இருந்தால்தான் சண்டை சூடு பிடிக்கும். சம்பளம் எபிசோடுக்கு 6,000 ரூபாய், பேச்சிக்கு 9,000. பதிவு முடிந்த அன்றே வங்கிக் கணக்கில் செலுத்துவோம். வெளியூர்க்காரர்களுக்கு ரயில் கட்டணமும் தங்குமிடமும் எங்கள் பொறுப்பு. தேர்வானாலும் ஆகாவிட்டாலும் ஜூலை 31க்குள் எல்லோருக்கும் பதில் அனுப்புவோம்.