சுற்றறிக்கை: செலவுக் கோரிக்கைகளை மார்ச் 24-க்குள் ஒப்படையுங்கள்

தேதி: 5 மார்ச் 2026
அனுப்புநர்: கணக்குப் பிரிவு
பெறுநர்: அனைத்துப் பணியாளர்கள், துறைத் தலைவர்கள்
பொருள்: 2025–26 நிதியாண்டில் கைப்பணத்திலிருந்து செய்த அலுவலகச் செலவுகளைத் திரும்பப் பெறுதல்

அன்புடையீர்,

அலுவலக வேலைக்காகச் சொந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டு, அதை இன்னும் கேட்டுப் பெறாமல் இருப்பவர்களுக்கு இந்த நினைவூட்டல். நடப்பு நிதியாண்டு மார்ச் 31, செவ்வாய்க்கிழமையுடன் முடிகிறது. பயணம், தங்குமிடம், தொலைபேசிக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், அவசரத்துக்கு வாங்கிய எழுதுபொருள் என எதுவாக இருந்தாலும் கீழ்க்கண்ட தேதிகள் பொருந்தும்.

மார்ச் 24, செவ்வாய், மாலை 5 மணி: 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 20 வரை செய்த செலவுகளுக்கான படிவமும் மூல பில்களும் கணக்குப் பிரிவுக்கு வந்து சேர வேண்டும்.
மார்ச் 26, வியாழன்: துறைத் தலைவர்கள் ஒப்புதல் தரக் கடைசி நாள்.
மார்ச் 30, திங்கள்: ஒப்புதல் பெற்ற தொகைகள் சம்பளக் கணக்கில் வரவு வைக்கப்படும்.

ஆண்டு 31-இல்தானே முடிகிறது, 24-ஆம் தேதியே எதற்கு என்று ஒவ்வோர் ஆண்டும் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு விண்ணப்பம் எங்கள் மேசைக்கு வந்ததும் பணமாக மாறிவிடுவதில்லை. பில்லில் உள்ள தொகையும் படிவத்தில் உள்ள தொகையும் ஒத்துப்போகின்றனவா, உங்கள் பதவிக்கு உரிய வரம்புக்குள் இருக்கிறதா, இதே பில் முன்பு எப்போதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சரியான செலவுத் தலைப்பில் பதிய வேண்டும். அதன் பிறகே வங்கிக்குப் பட்டியல் போகும். மாதக் கடைசியில் இதே மேசைகளில்தான் விற்பனையாளர் பில்கள், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, இருப்புக் கணக்கெடுப்பு எல்லாமே குவிகின்றன. 24-ஆம் தேதி என்பது எங்கள் வசதிக்காக இழுத்துப் பிடித்த தேதி அல்ல. 30-ஆம் தேதி உங்கள் கணக்கில் பணம் விழ வேண்டுமானால் அதற்கு மேல் ஒரு நாளும் தள்ள முடியாத தேதி.

தேதி தவறினால் பணம் போய்விடுமா? உடனே போய்விடாது. ஆனால் எளிதாகக் கிடைக்காது. ஒரு செலவு எந்த ஆண்டில் நேர்ந்ததோ அந்த ஆண்டுக் கணக்கில்தான் இடம்பெற வேண்டும். பில்லை எப்போது கொடுத்தீர்கள் என்பது அதை மாற்றாது. கடந்த ஜூலையில் சென்ற பயணத்துக்கு வரும் மே மாதம் பில் கொடுத்தால், அதற்குள் இந்த ஆண்டின் கணக்குப் புத்தகம் மூடப்பட்டிருக்கும். அந்தச் செலவை அடுத்த ஆண்டில் ஏற்றினால் உங்கள் துறையின் அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் துண்டு விழும்; ஏன் பத்து மாதம் தாமதம் என்று தணிக்கையாளரும் கேட்பார். ஆகவே ஏப்ரல் 6-க்குப் பின் வரும் 2025–26 செலவுகளுக்குத் துறைத் தலைவரின் கையெழுத்து மட்டும் போதாது. தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் தந்து, நிதி இயக்குநரின் தனி ஒப்புதலைப் பெற வேண்டும். அவர் மறுத்தால் கணக்குப் பிரிவால் எதுவும் செய்ய இயலாது.

மார்ச் 21 முதல் 31 வரை நேரும் செலவுகளுக்கு வேறு வழி வைத்திருக்கிறோம். அந்த நாட்களில் பயணத்தில் இருப்பவர்கள் 31-ஆம் தேதி நண்பகலுக்குள் உத்தேசத் தொகையை மட்டும் மின்னஞ்சலில் தெரிவியுங்கள். என்ன செலவு, எந்தத் துறை, ஏறக்குறைய எவ்வளவு என்று மூன்று வரி போதும். அதை வைத்து இந்த ஆண்டுக் கணக்கிலேயே ஒதுக்கீடு செய்துவிடுவோம். பில்களை ஏப்ரல் 6, திங்கட்கிழமைக்குள் கொடுக்கலாம். உத்தேசத்துக்கும் பில்லுக்கும் சிறு வேறுபாடு இருந்தால் பரவாயில்லை. தகவலே சொல்லாமல் ஏப்ரலில் பில்லோடு வந்து நின்றால்தான் சிக்கல்.

ஏப்ரல் மாதப் பயணத்துக்கு இப்போதே டிக்கெட் எடுத்தவர்கள் பயணம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பணம் கட்டிய ரசீதோடு இப்போதே விண்ணப்பிக்கலாம். அதை முன்கூட்டிச் செலுத்திய செலவாகக் காட்டி அடுத்த ஆண்டுக்கு மாற்றுவது எங்கள் வேலை. ஆனால் படிவத்தில் பயணத் தேதியைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அது இல்லாவிட்டால் எந்த ஆண்டின் செலவு என்று எங்களுக்குத் தெரியாது. ஆண்டுச் சந்தாக்களுக்கும் இதுவே முறை.

இனி பில்கள். திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை தொகையில் தவறியவை அல்ல, பில்லில் தவறியவை. அட்டை இயந்திரத்திலிருந்து வரும் சிறு துண்டுச் சீட்டைப் பலர் பில் என்று இணைத்துவிடுகிறார்கள். அதில் எவ்வளவு பணம் போனது என்பது மட்டும்தான் இருக்கும். என்ன வாங்கினீர்கள், எத்தனை நாள் தங்கினீர்கள் என்பது இருக்காது. விற்பனையாளரின் பெயர், பில் எண், தேதி, வாங்கியவற்றின் விவரம், வரி தனியாக இருந்தால் அதுவும் தெரியும் முழு பில்தான் வேண்டும். தங்குமிட பில்லில் நிறுவனத்தின் பெயரும் வரிப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். தனிப்பெயரில் மட்டும் வாங்கிவிட்டு வந்தவர்கள் இப்போதே அந்த விடுதிக்கு எழுதித் திருத்திய பில்லைக் கேளுங்கள். ஆண்டுக் கணக்கை அவர்களும் முடித்துவிட்டால் பழைய பில்லைத் திருத்தித் தரத் தயங்குவார்கள்.

அனல் தாளில் அச்சான பில்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தாளில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சின்மீதுதான் எழுத்து தெரிகிறது. வெயில், வெப்பம், பிளாஸ்டிக் உறை, பசை நாடா ஆகியவை பட்டால் எழுத்து மங்கிவிடும். ஆகஸ்டில் பர்சுக்குள் வைத்த சீட்டை மார்ச்சில் எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள் மிஞ்சும். நாலாக மடித்த சீட்டில், மடிப்பு விழுந்த இடத்தில்தான் தேதி இருந்து தொலைக்கும்! இத்தகைய பில் கையில் இருந்தால் இன்றே நகல் எடுத்து மூலத்தோடு சேர்த்துப் பின் செய்யுங்கள். எழுத்தின் மேல் பசை நாடா ஒட்ட வேண்டாம். கைப்பேசியில் படம் எடுப்பவர்கள் சீட்டின் நான்கு மூலைகளும் தெரியும்படி எடுங்கள். தொகை மட்டும் தெரியும் நெருக்கமான படம் எங்களுக்குப் பயன்படாது.

பில் தொலைந்துவிட்டால் கைவிட்டுவிட வேண்டாம். முதலில் விற்பனையாளரிடம் மறுபிரதி கேளுங்கள். டிக்கெட், விடுதி, தொலைபேசி நிறுவனங்கள் பெரும்பாலும் தந்துவிடும். கிடைக்கவில்லை என்றால், செலவின் விவரத்தையும் பில் ஏன் இல்லை என்பதையும் எழுதி, இதே செலவை வேறெங்கும் கோரவில்லை என்ற உறுதிமொழியுடன் துறைத் தலைவரின் கையெழுத்தைப் பெற்றுத் தாருங்கள். பணம் போனதைக் காட்டும் வங்கிக் குறிப்பையும் சேர்த்தால் நல்லது.

ரத்தான டிக்கெட்டுகளுக்கு, திரும்பி வந்த தொகையைக் கழித்து மீதியை மட்டும் கோருங்கள். இருவர் சேர்ந்து ஒரே வாடகைக் காரில் சென்றிருந்தால் ஒருவர் மட்டும் விண்ணப்பிக்க வேண்டும். உடன் சென்றவரின் பெயரைப் படிவத்தில் எழுதுங்கள். ஒரே பயணத்துக்கு இரண்டு விண்ணப்பங்கள் வந்தால் இரண்டையும் நிறுத்திவைத்து விசாரிக்க வேண்டியிருக்கும், இருவரும் நல்லெண்ணத்தோடு செய்திருந்தாலும். வெளிநாட்டு நாணயத்தில் செலவழித்தவர்கள் அட்டைக் கணக்கு அறிக்கையின் அந்தப் பக்கத்தை இணையுங்கள். வங்கி உங்களிடம் பிடித்த தொகையைத்தான் தருவோம். இணையத்தில் அன்றைய மாற்று விகிதத்தைத் தேடிப் பெருக்கிப் போட வேண்டாம்.

முன்பணம் வாங்கியவர்கள் கவனிக்கவும். பயணத்துக்குப் பத்தாயிரம் வாங்கி, 8,450 செலவாகியிருந்தால், பில்களோடு மீதி 1,550-ஐயும் மார்ச் 24-க்குள் செலுத்திக் கணக்கை முடிக்க வேண்டும். செலவு முன்பணத்தைத் தாண்டியிருந்தால் கூடுதல் தொகை மற்றவர்களுக்குப் போலவே 30-ஆம் தேதி கிடைக்கும். கணக்கு ஒப்படைக்காத முன்பணம் முழுவதும், ஏற்கெனவே அறிவித்த விதிப்படி, ஏப்ரல் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும். எங்கள் பதிவின்படி நிலுவை உள்ளவர்களுக்குத் தனித்தனியே கடிதம் வரும். கடிதம் வரவில்லை என்பதற்காக நிலுவை இல்லை என்று எண்ண வேண்டாம்.

துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணியாளர் நேரத்தில் கொடுத்தும் கையெழுத்துக்காக மேசையில் கிடந்து காலம் கடந்த விண்ணப்பங்கள் உண்டு. அந்த இழப்பைப் பணியாளர் சுமப்பது முறையல்ல. மார்ச் இறுதி வாரத்தில் விடுப்பில் செல்பவர்கள் தமக்குப் பதிலாக ஒப்புதல் தருபவரின் பெயரை மார்ச் 18-க்குள் எங்களுக்கு எழுதித் தெரிவியுங்கள். ஏற்க முடியாத செலவு என்றால் காரணத்தை எழுதி உடனே திருப்பி அனுப்புங்கள். கிடப்பில் போட்டு வைக்காதீர்கள். தம் விண்ணப்பத்துக்குத் தாமே ஒப்புதல் தர முடியாது என்பது துறைத் தலைவர்களுக்கும் பொருந்தும்.

மார்ச் மாதத்தில் பணியிலிருந்து விலகுபவர்கள் கடைசி வேலைநாளுக்கு முன்பே அனைத்தையும் ஒப்படைக்க வேண்டும். வெளியூரிலிருந்து பணிபுரிபவர்கள் படங்களை மின்னஞ்சலில் 24-க்குள் அனுப்பினால் தேதிக்குள் வந்ததாகவே கொள்வோம். மூல பில்கள் தபாலில் ஏப்ரல் 6-க்குள் வந்தால் போதும்.

சிறு தொகைதானே என்று விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். ஆட்டோ கட்டணமானாலும் கூரியர் கட்டணமானாலும் அது நிறுவனத்தின் செலவு. கேட்பதில் கூச்சம் வேண்டாம். பல சிறு செலவுகளை ஒரே படிவத்தில் தேதி வரிசையில் எழுதித் தரலாம்.

படிவம் நிரப்புவதில் ஐயம் உள்ளவர்களுக்காக மார்ச் 12, 13, 17 ஆகிய நாட்களில் பிற்பகல் 3 முதல் 5 மணி வரை கணக்குப் பிரிவின் மூன்றாம் மேசையில் ஒருவர் இருப்பார். பில்களைக் கையோடு கொண்டுவந்தால் குறை இருப்பதை அங்கேயே சொல்லிவிடுவார். மற்ற நேரங்களில் உள்தொடர்பு எண் 214-இல் அழைக்கலாம். மார்ச் 23, 24 தேதிகளில் அந்த எண் பெரும்பாலும் பேச்சிலேயே இருக்கும் என்பதால் அதற்கு முன்பே அழையுங்கள்.

தலைமைக் கணக்கு அலுவலர்
கணக்குப் பிரிவு

நகல்: நிதி இயக்குநர், மனிதவளப் பிரிவு, அறிவிப்புப் பலகை