பராமரிப்புக் கணக்கு: நவம்பர் 2025 (6 வீடுகள், மாதம் ரூ.2,500)

| வீடு | முன்பாக்கி | நவம்பர் | வரவு | நிலுவை |
|---|---|---|---|---|
| ஏ1 | 0 | 2,500 | 2,500 | 0 |
| ஏ2 | முன்பணம் 10,000 | 2,500 | 0 | முன்பணம் 7,500 |
| ஏ3 | 0 | 2,500 | 0 | 2,500 |
| பி1 | 5,000 | 2,500 | 3,000 | 4,500 |
| பி2 | 2,500 | 2,500 | 5,000 | 0 |
| பி3 | 0 | 2,500 | 2,500 | 0 |

மொத்த வரவு ரூ.13,000. செலவு: வாட்ச்மேன் 9,000, பொது கரண்ட் பில் 2,140, தண்ணீர் லாரி 1,600, ஆக 12,740. கையில் மிச்சம் 260.

ஏ2 முன்பணம் பிப்ரவரி வரைக்கும் போதும். அதை எடுத்து இந்த மாதச் செலவுக்குப் போடவில்லை. அது அவர்கள் பணம், வங்கியிலேயே இருக்கிறது.

பி1 வீட்டாருக்கு, 1.12.2025

வணக்கம் சார். 22ஆம் தேதி நீங்கள் அனுப்பிய ரூ.3,000 வந்தது, நன்றி. அதைப் பழைய பாக்கியில்தான் முதலில் வரவு வைத்தேன். செப்டம்பர் முடிந்தது. அக்டோபரில் 2,000, நவம்பர் 2,500, ஆக ரூ.4,500 நிற்கிறது. தாமதக் கட்டணம் எதுவும் சேர்க்கவில்லை.

மொத்தமாக முடியாவிட்டால் மாதக் கட்டணத்தோடு 1,500 சேர்த்து மூன்று மாதத்தில் கட்டிவிடலாம். எது வசதி என்று 10ஆம் தேதிக்குள் சொல்லுங்கள். வாட்ச்மேன் சம்பளத்தை ஒரு நாளும் தள்ளிப்போட எனக்கு மனசில்லை, அதனால்தான் கேட்கிறேன். குரூப்பில் போடவில்லை, உங்களுக்கு மட்டும்தான். என் கணக்கில் தவறு இருந்தால் ரசீதோடு வாருங்கள், நோட்டைத் திறந்து சேர்ந்தே பார்ப்போம்.

பொருளாளர், பி3