டீக்கடைப் பக்கம்: பென்சில் படத்திலிருந்து வண்ணப்படம் வரைய பிராம்ப்ட்

இணைத்துள்ள பென்சில் படத்தைச் சிறுவர் கதைப்புத்தகத்தின் ஒரு பக்கமாக முடிக்கவும். ஏ4 தாள், படுக்கைவாட்டில், 3508 × 2480 பிக்சல். ஓரத்தை வெட்டவோ நீட்டவோ வேண்டாம். கோடு போட்ட நோட்டில் வரைந்து போனில் எடுத்த படம் என்பதால் சற்றுச் சாய்ந்திருக்கிறது. நோட்டுக் கோடுகள் கிடைமட்டமாக வரும்படி நிமிர்த்திக்கொண்டு, பிறகு அந்தக் கோடுகளை விட்டுவிடவும். அழிரப்பர் கறை நிழல் அல்ல. அம்புக்குறிகளும் கையெழுத்தும் எனக்கான குறிப்புகள், அவை படத்தில் வரக்கூடாது.

இடம், வலம் எல்லாம் பார்ப்பவருடையவை. கீழே உள்ள எண்கள் தாளின் அகலத்தையும் உயரத்தையும் 100 எனக் கொண்டு, இடமிருந்தும் மேலிருந்தும் அளந்தவை.

மேசையின் மேல்விளிம்பு உயரத்தில் 52. பித்தளை பாய்லர் அதன்மேல், அகலத்தில் 12 முதல் 26 வரை. மாஸ்டர் மேசைக்குப் பின்னால், 45 முதல் 60 வரை. தலை உயரத்தில் 18இல் தொடங்கி 28இல் முடிகிறது. தூக்கிய கை வலப்பக்கம், மக்கின் வாய் 12இல். தாழ்ந்த கை இடப்பக்கம், கிளாஸின் வாய் 46இல்.

இந்தப் பக்கத்தின் உயிரே இரண்டுக்கும் நடுவே விழும் டீயின் தாரைதான். மக்கிலிருந்து புறப்பட்டு, மெல்ல வளைந்து, அறுபடாமல் கிளாஸுக்குள் விழ வேண்டும். 34 பங்கு உயரம் அதிகமாகத் தோன்றினாலும் கைகளைக் கிட்டே கொண்டுவர வேண்டாம்; டீ ஆத்துவது அப்படித்தான். தாரை முகத்தை மறைக்கக்கூடாது. ஒவ்வொரு கையிலும் ஐந்து விரல்.

முன்புறம் பெஞ்சில் சிறுமி, 66 முதல் 82 வரை. தலை உயரத்தில் 53 முதல் 65, பாதம் 93. தலை பெரிதாக இருப்பது தவறல்ல, வேண்டுமென்றே வரைந்தது; நிஜ அளவுக்குத் திருத்தினால் அவள் பெரிய பெண்ணாகிவிடுவாள். பெஞ்சுக்கால் 98இல் தரையைத் தொடுகிறது, அவள் பாதம் தொடவில்லை. அந்த 5 பங்கு இடைவெளி அப்படியே இருக்கட்டும். முகம் இடப்பக்கம் திரும்பி, பார்வை தாரைமேல்.

வாழைத்தார் அகலத்தில் 78 முதல் 86 வரை தொங்குகிறது. மேல் இடமூலையில் 40 அகலம், 25 உயரம் கதை வரிகளுக்கு. அங்கே வெளிர்மஞ்சள் சுவர் மட்டும். பலகையோ காலண்டரோ சேர்த்து நிரப்ப வேண்டாம். எழுத்து எங்கும் வேண்டாம்.

கோடு அடர்பழுப்பு மைப்பேனாவில், என் வளைவுகளின் மேலேயே. இரட்டைக் கோடு இருக்குமிடத்தில் அழுத்தமானதை எடுத்துக்கொள்ளவும். வண்ணம் நீர்த்த வாட்டர்கலர். காலை வெயில் வலமிருந்து வருகிறது, எனவே நிழல்கள் இடப்பக்கம். சிறுமியின் பாவாடை மட்டும் பளிச்சென்ற சிவப்பு.