மச்சாளுக்கு நாலு கிழமைப் பயிற்சி

மச்சாள், நீங்கள் கேட்டபடி எழுதியிருக்கிறேன். கந்தோரில் நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிற, இதுவரை உடற்பயிற்சியே செய்யாத ஒருவருக்குப் பொருந்துகிற அட்டவணை இது. கிளினிக்கில் பிரஷர், சீனி இரண்டும் சரியென்று சொன்னபடியால் பயப்படாமல் தொடங்கலாம்.

திங்கள், புதன், சனி செய்வோம். வெள்ளி விரதத்தோடு உடம்பை வருத்த வேண்டாம். இடைப்பட்ட நாட்களில் கல்லடிக் கடற்கரைப் பக்கம் அரை மணித்தியாலம் கையை வீசி நடவுங்கள். தசைக்குப் பலம் தரும் பயிற்சி கிழமைக்கு இரண்டு நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. நமக்கு மூன்று நாள் கிடைக்கிறது, அது தாராளம்.

நம்ம ஊர் வெக்கைக்குக் காலை ஆறரைக்குள் முடிப்பது நல்லது. வெறும் வயிற்றில் தலை சுற்றினால் முதலில் ஒரு கதலிப்பழம் சாப்பிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் நடை, தோள் சுழற்றல், இடுப்புச் சுழற்றல். அப்புறம்தான் பயிற்சி.

முதலாம் கிழமை

ஒவ்வொன்றும் 8 தடவை, மொத்தம் 2 சுற்று. நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு.

கதிரையில் இருந்து எழும்புதல்: பிளாஸ்டிக் கதிரை மாபிள் தரையில் வழுக்கும், சுவரோடு முட்ட வையுங்கள். குந்தும்போது பின்பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளி, மெதுவாக மூன்று எண்ணி இறங்குங்கள். தொப்பென்று விழக்கூடாது. முழங்கால் உள்ளுக்கு மடியாமல் கால்விரல் பார்க்கிற பக்கமே போகட்டும்.

சுவர்ப் புஷ் அப்: சுவரில் இருந்து ஒரு கை தூரம் நின்று, உடம்பு வளையாமல் நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய்த் தள்ளுங்கள்.

பேண்ட் இழுத்தல்: பாயில் கால் நீட்டி இருந்து, நீளப் பேண்டை, அதாவது இழுபடுகிற நீள ரப்பர் பட்டியை, பாதத்தின் நடுவில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். சுற்றாவிட்டால் நழுவி முகத்தில் அடிக்கும். முழங்கையை விலாவோடு ஒட்டி வயிற்றுப் பக்கம் இழுத்து, தோள்பட்டைகளை ஒரு நொடி நெருக்கி, மெதுவாக விடுங்கள். மேசையில் குனிந்தே இருக்கிற உங்களுக்கு ஆக முக்கியமானது இதுதான்.

இடுப்புத் தூக்கல்: மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, குதிக்காலை ஊன்றி இடுப்பை உயர்த்துங்கள்.

எல்லாவற்றிலும் கஷ்டமான கட்டத்தில் மூச்சை விடுங்கள், அடக்க வேண்டாம். முடிக்கும்போது "இன்னும் இரண்டு மூன்று செய்யலாம்" என்று இருந்தால் அதுதான் சரியான அளவு. முதல் நாளே களைத்து விழுந்தால் புதன்கிழமை வரமாட்டீர்கள்.

அடுத்த நாள் தொடை நோகும். அது இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆனால் மூட்டில் குத்துகிற வலி வந்தால் அந்தப் பயிற்சியை விடுங்கள். நெஞ்சு இறுக்கினால், மயக்கம் வந்தால் அன்றைக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உடனே வைத்தியரிடம் போங்கள்.

இரண்டாம் கிழமை

அதே நாலும், 10 தொடக்கம் 12 தடவை, 2 சுற்று. கூடவே ஒன்று: மல்லாந்து படுத்து, கைகள் கூரையைப் பார்க்க, முழங்கால்கள் மடங்கி மேலே இருக்கட்டும். வலக்கையையும் இடக்காலையும் ஒன்றாகத் தரைப் பக்கம் இறக்கி எடுங்கள், பிறகு மற்றப் பக்கம். பக்கத்துக்கு 5. முதுகு பாயை விட்டு எழும்பினால் காலைக் குறைவாக இறக்குங்கள்.

மூன்றாம் கிழமை

இனி 3 சுற்று, 10 தடவை. கதிரையை எடுத்துவிட்டுக் குந்துங்கள். புஷ் அப்புக்குச் சுவருக்குப் பதில் குசினி மேடை. இடுப்புத் தூக்கலில் வளையமாக இருக்கிற சின்ன ரப்பர் பேண்டை முழங்காலுக்குச் சற்று மேலே போட்டு, அது தளராதபடி வெளியே தள்ளிப் பிடியுங்கள். முழங்கையையும் முழங்காலையும் ஊன்றி, உடம்பை நேராகப் பிடித்திருக்கிற பிளாங் 15 நொடி. பேண்ட் இழுத்தலும் இரண்டாம் கிழமையில் சேர்த்ததும் அப்படியே.

இந்தக் கிழமையில்தான் பலர் விடுகிறார்கள். மாற்றம் கண்ணுக்குத் தெரியாது, அலுப்பு மட்டும் தெரியும். நேரமில்லாத நாளில் ஒரே ஒரு சுற்று செய்யுங்கள், அந்த நாளை முழுதாக விட்டுவிட வேண்டாம்.

நாலாம் கிழமை

3 சுற்று, 12 தடவை. பேண்டைச் சற்றுக் குட்டையாகப் பிடித்தால் இழுவை கூடும். பிளாங் 25 நொடி. புதிதாக ஒன்று: பேண்டை மிதித்து நின்று, கைகளைத் தோளில் இருந்து தலைக்கு மேலே உயர்த்துதல், 8 தடவை. இடுப்பை முன்னுக்கு வளைக்காதீர்கள்.

பேண்டை மொட்டை மாடிக் கொடியில் போட்டுவிடாதீர்கள், வெயிலில் ரப்பர் வெடிக்கும். வியர்வையைத் துடைத்து அலுமாரியில் வையுங்கள். இழுக்கும் முன் கீறல் இருக்கா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் வீசிவிடுங்கள், ஒட்டிப் பாவிக்க வேண்டாம்.

கடைசிச் சனிக்கிழமை சுற்றுகள் வேண்டாம். கதிரையில் இருந்து 30 நொடியில் எத்தனை தடவை எழும்புகிறீர்கள், குசினி மேடையில் எத்தனை புஷ் அப், பிளாங் எத்தனை நொடி என்று மட்டும் பார்த்து அனுப்புங்கள். அடுத்த நாலு கிழமையை அதை வைத்து எழுதித் தருகிறேன்.