ஒக்டோபர் 14 அனர்த்தப் பயிற்சி: மாவட்ட இணைப்புக் கூட்டத்துக்கான அறிக்கை

அரசாங்க அதிபர் அவர்களுக்கும் கூட்டத்துக்கு வருகிற திணைக்களத் தலைவர்களுக்கும்,

எமது ஆதார வைத்தியசாலையில் கடந்த ஒக்டோபர் 14 செவ்வாய்க்கிழமை காலை நடந்த பயிற்சியின் முடிவுகளை இதில் எழுதுகிறேன். வடகீழ்ப் பருவமழை தொடங்க முதல் எங்கள் திட்டத்தை மாற்றியாக வேண்டும். சில மாற்றங்கள் எங்கள் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கின்றன. அதனால்தான் இது கொஞ்சம் நீளம்.

ஒத்திகைக்கு எடுத்த கதை சாதாரணமானது. தாழமுக்க மழை பெய்யும் நேரம், ஏ9 வீதியில் தனியார் பஸ்ஸும் லொறியும் மோதுகின்றன. காயம்பட்டவர்கள் 30 பேர். தாதிய மாணவர்களும் உறவினர்களாக நடிக்க வந்த தொண்டர்களும் மிக நன்றாகச் செய்தார்கள். நடித்தார்கள் என்று சொல்லவே மனம் வரவில்லை. ஒரு பிள்ளை உண்மையிலேயே அழுது விட்டாள்.

முதல் சறுக்கல் 9.12க்கு. காயத்தின் கடுமையைக் காட்ட ஆட்களுக்குக் கட்டும் நிற அட்டைகள் இருந்த அலுமாரி பூட்டியிருந்தது. திறப்பு வைத்திருந்தவர் விடுமுறையில். உதிரித் திறப்பு எடுக்க 11 நிமிடம் போனது. அதற்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

யார் முதலில் வந்தார்கள் என்பதுதான் இந்த அறிக்கையில் நான் வலியுறுத்துகிற விஷயம். எங்கள் திட்டத்தில் நோயாளர் காவு வண்டி வரும், உடனே சிகிச்சை வேண்டிய சிவப்பு ஆட்கள் முதலில் இறங்குவார்கள் என்று எழுதியிருக்கிறது. நடந்தது வேறு. முதலில் வந்தவர்கள் நடக்கக்கூடியவர்கள். ஓட்டோவில், மோட்டார் சைக்கிளில், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு. காயம் குறைந்த 18 பச்சை ஆட்களில் 14 பேர் வாசலுக்குள் நுழைந்து அவசர சிகிச்சைப் பிரிவின் கட்டில்களில் உட்கார்ந்துவிட்டார்கள். 20 நிமிடம் கழித்து முதல் சிவப்பு வந்தபோது அவருக்குக் கட்டில் இல்லை. உண்மையான விபத்துகளிலும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். காயம் குறைந்தவருக்குத்தான் ஓட்டோ பிடிக்கத் தெம்பு இருக்கும்.

இனி, காயத்தின் கடுமைப்படி ஆட்களைப் பிரிக்கும் ட்ரையாஜ் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நடக்காது, பிரதான வாசலில் நடக்கும். கேட்டடியில் ஒரு மேசை, ஒரு தாதி, ஒரு வைத்தியர், ஒரு சிற்றூழியர். நடக்கிறவர்களை நேரே கிளினிக் மண்டபத்துக்கு அனுப்புவோம். நடக்க முடியாதவரில் மூன்று கேள்விதான்: மூச்சு நிமிடத்துக்கு 30க்கு மேலா? மணிக்கட்டில் நாடி இருக்கிறதா? சொன்னதைச் செய்கிறாரா? மூன்றில் ஒன்று பிழைத்தாலும் சிவப்பு. மூன்றும் சரி ஆனால் நடக்க முடியாது என்றால் மஞ்சள். சுவாசப் பாதையைத் திறந்தும் மூச்சு வராவிட்டால் கறுப்பு. ஒருவருக்கு 30 முதல் 60 விநாடி. சிகிச்சை அங்கே இல்லை. அடைத்த தொண்டையைத் திறப்பதும் பெருகுகிற இரத்தத்தை அழுத்துவதும் மட்டும் விதிவிலக்கு.

30 பேரில் மூவரைப் பிழையாகப் பிரித்தோம். இருவரைத் தேவைக்கு மேல் உயர்த்தினோம், அது பெரிய பாவமில்லை. ஒருவரைக் குறைத்து மதிப்பிட்டதுதான் கவலை. நிமிடத்துக்கு 34 மூச்சு விட்டவரை, "அமைதியாய்த்தானே இருக்கிறார்" என்று மஞ்சளில் வைத்தார்கள். பார்த்துச் சொல்லக் கூடாது, மணிக்கூட்டைப் பார்த்து எண்ண வேண்டும்.

அப்புறம் மழை. பயிற்சி நாளில் மெல்லிய தூறல் விழுந்தது, நல்லகாலம். காகித அட்டையில் மார்க்கரால் எழுதிய பெயர் ஒன்று கரைந்து, மை அந்தப் பெடியனின் சட்டையில் வழிந்தது. 15 நிமிடத்தில் அவர் பெயரில்லாத நோயாளி. அட்டைக்குப் பதிலாகத் தைத்த நிறத்துணிப் பட்டிகளும், நீரில் கரையாத பேனாவும் வாங்கச் சொல்லியிருக்கிறேன். உள்ளூர் தையற்காரரிடமே தைக்கலாம், செலவு பெரிதில்லை.

கட்டில்களைப் பற்றி. எங்களிடம் 140 கட்டில், அன்று காலை 131 நிரம்பியிருந்தன. வாட்டுகளைச் சுற்றிவந்து, வீட்டுக்கு அனுப்பக்கூடியவர்கள் 17 பேர் என்று 25 நிமிடத்தில் கண்டுவிட்டோம். ஆனால் அந்தக் கட்டில்கள் உண்மையில் காலியாக 1 மணி 50 நிமிடம் ஆனது. வைத்தியர் கையெழுத்து வைத்தாயிற்று. பிறகு மருந்து கிடைக்க வேண்டும், வீட்டார் வர வேண்டும், பஸ் வர வேண்டும். இனி இவர்கள் மருந்துச் சீட்டோடு கிளினிக் மண்டபத்தின் ஒரு பக்கக் கதிரைகளில் காத்திருப்பார்கள். கட்டில் அந்த நிமிடமே காலி. அவர்களை வீட்டில் இறக்க இலங்கைப் போக்குவரத்துச் சபையின் ஒரு பஸ் தேவை. முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் கேட்கிறேன்.

திணைக்களங்கள் ஒன்றோடொன்று பேசுகிற இடத்தில் எங்கள் பக்கமும் பிழை உண்டு. திட்டத்தில் இருந்த ஒரு தொலைபேசி இலக்கம் இடமாற்றம் பெற்றுப்போன ஓர் அலுவலருடையது. அவர் பாவம், வேறு மாவட்டத்தில் கூட்டத்தில் இருந்தார். எனவே ஆளின் இலக்கம் வேண்டாம், பதவியின் இலக்கம் வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கள் ஒருவர் எல்லாவற்றையும் அழைத்துப் பார்ப்பார். மாவட்ட நிலவரத்துக்கு 117, நோயாளர் காவு வண்டிக்கு 1990, பொலிசுக்கு 119 என்பவை வழமைபோல்.

பொலிசிடம் ஒரு கோரிக்கை: சந்தியில் ஒருவரை நிறுத்தி, வைத்தியசாலைக்கு வருகிற வாகனங்களை ஒரு வாசலாலும் வெளியேறுபவற்றை மறு வாசலாலும் விடச் செய்யுங்கள். அன்று உறவினர்களின் மோட்டார் சைக்கிள்கள் நோயாளர் காவு வண்டியை 7 நிமிடம் தடுத்தன. அந்த உறவினர்களுக்கும் ஓரிடம் வேண்டும். தாயாக நடித்த ஒரு தொண்டர், தாதியின் கையைப் பிடித்துக்கொண்டு "என்ரை பிள்ளை எங்கை?" என்று திரும்பத் திரும்பக் கேட்டபோது, அந்தத் தாதியால் அடுத்த நோயாளியிடம் போக முடியவில்லை. பிரதேச செயலகத்திலிருந்து இரண்டு அலுவலர்கள் வந்து உறவினர் மேசையில் பெயர்ப் பட்டியலோடு இருந்தால் போதும். இதற்கு வைத்தியர் தேவையில்லை.

ஒரே நாளில் முடிகிற அனர்த்தம் மட்டும் எங்கள் திட்டத்தில் இருப்பதும் குறை. 2008 நவம்பரில் நிஷா புயலின் வெள்ளத்தையும், 2004 டிசம்பர் 26இல் வடமராட்சி கிழக்குக் கரையோரத்துக்கு நேர்ந்ததையும் இந்த மேசையிலுள்ள பலர் நேரில் கண்டவர்கள். 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் வெள்ளத்துக்குப் பிறகுதான் வந்தது. காயத்துக்கு மட்டும் கட்டில் ஒதுக்கினால் போதாது. பிந்தி வருகிற காய்ச்சலுக்கும் ஒரு வாட்டைக் குறித்து வைக்க வேண்டும். வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கு எலிக்காய்ச்சலைத் தடுக்க டொக்சிசைக்கிளின் மருந்து கொடுக்கும் பொறுப்பும், வெள்ளம் புகுந்த கிணறுகளுக்குக் குளோரின் இடும் பொறுப்பும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களுடையவை. கிணறுகளின் பட்டியலை இப்போதே தயார் செய்யட்டும்.

தீவுப் பகுதி பற்றிச் சுருக்கமாக. கடல் கொந்தளித்தால் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு போகாது. ஆகவே எச்சரிக்கை வந்தவுடனேயே, கடல் கெட முதல், 36 வாரம் தாண்டிய கர்ப்பிணிகளையும் குருதிச் சுத்திகரிப்புக்கு வருகிறவர்களையும் யாழ்ப்பாணப் பக்கம் எடுத்துவிட வேண்டும். பட்டியல் குடும்பநல உத்தியோகத்தரிடம் இருக்கிறது. தங்குமிடம் யார் கொடுப்பது என்பதைக் கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். கடைசி நிமிடத்தில் கடற்படையைக் கேட்பதைத் திட்டமென்று சொல்ல முடியாது.

மின்சாரம் நின்றதும் மின்பிறப்பாக்கி 14 விநாடியில் இயங்கியது. எரிபொருள் 9 மணி நேரத்துக்குத்தான். 48 மணிக்கு வேண்டும், அதற்கான கோரிக்கை தனிக் கடிதத்தில்.

அடுத்த பயிற்சி நவம்பர் முதல் வாரத்துக்குள், இரவு 2 மணியளவில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு. திகதியை நானும் வைத்திய அத்தியட்சகரும் மட்டும் அறிவோம். அலுமாரித் திறப்பு இப்போது கேட் காவலாளியிடமும் அவசர சிகிச்சைப் பிரிவின் பொறுப்புத் தாதியிடமும் இருக்கிறது.

அனர்த்த முன்னேற்பாட்டுப் பொறுப்பு வைத்தியர்
ஒக்டோபர் 17